புதிய அடுக்குமாடி வீட்டின் குறைபாட்டுப் பட்டியல்: அறைவாரியாகப் பாருங்கள், தொழில்வாரியாக எழுதுங்கள்

புதிய அடுக்குமாடி வீட்டின் சாவி கைக்கு வந்ததும், மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் ஒரு குறைபாட்டுப் பாரமும் கொடுப்பார்கள். பெரும்பாலோர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்டதை எல்லாம் அதில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் சாயம் புதிதாகப் பூசப்பட்டிருக்கும், கதவின் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரில் இருந்த ஈரக்கறை மட்டும் இரண்டு மாதத்தில் மறுபடியும் எட்டிப்பார்க்கும்.

சாயக்காரர் வந்து தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார். ஆனால் அது அவர் வேலை இல்லை. அந்தக் கறைக்குக் காரணம் சுவருக்கு அப்பால், குளியலறைத் தரையில் இருக்கிறது. பட்டியலில் 'சுவரில் சாயம் கறை' என்று எழுதியிருந்ததால், மேற்பார்வையாளர் சாயக்காரரை அனுப்பினார். அவரும் பூசிவிட்டு, 'முடிந்தது' என்று கையெழுத்து வாங்கிச் சென்றார். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட அந்தத் தாள் பின்னால் அவருக்கே எதிராக நிற்கும்.

இதனால்தான் வீட்டுப் பரிசோதனை செய்வோர், குறைகளை அறை அறையாகப் பார்த்தாலும், அறிக்கையைத் தொழில்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை இட்டு எழுதுகிறார்கள். அந்த அமைப்பை வீடு வாங்கியவர் தாமே செய்துகொள்ள முடியும்.

சட்டம் தரும் கால அளவு

உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாக அட்டவணை 'எச்' எனப்படும் விற்பனை ஒப்பந்தம் பொருந்தும். 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்த ஒப்பந்தம், வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலமாக வைத்திருக்கிறது. மட்டமான வேலை, மட்டமான பொருள், வரைபடத்துக்கும் ஒப்பந்த விவரத்துக்கும் மாறான கட்டுமானம் ஆகியவற்றால் வரும் குறைகளை, எழுத்துமூல அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

'எழுத்துமூல அறிவிப்பு' என்பதுதான் இதில் முக்கியம். புலனத்தில் அனுப்பிய படத்தையோ அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னதையோ நம்பி நாளைக் கணக்கிட முடியாது. அறிக்கையின் இரண்டு பிரதிகளைக் கொண்டுபோய், ஒன்றில் தேதியுடன் சாப் வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மேம்பாட்டாளரின் பாரத்தில் இடம் போதாவிட்டால், 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதித் தம் அறிக்கையைச் சேர்த்துக் கொடுக்கலாம். இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் சாப் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியை வாங்காமல் தள்ளிப்போட்டால் காலமும் தள்ளிப்போகும் என்று நினைப்பது தவறு. ஒப்படைப்பு அறிவிப்புக்குப் பிறகு ஒப்பந்தத்தில் சொன்ன நாள்கள் கடந்துவிட்டால், வீட்டை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

பார்ப்பது அறைவாரியாக

பரிசோதனையை வாசற்கதவில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் ஒவ்வோர் அறையாகச் செல்வது வழக்கம். ஒவ்வோர் அறையிலும் மேல்தளம், சுவர், கதவு ஜன்னல், மின்முனைகள், தரை என்று மேலிருந்து கீழே பார்த்தால் எதுவும் விடுபடாது. பெரிய கருவிகள் தேவையில்லை. அளவு நாடா, 1.2 மீட்டர் ரசமட்டம், ஒரு நாணயம், கைவிளக்கு, வாளி, மின்முனையைச் சோதிக்கும் சிறு பிளக், மாஸ்கிங் டேப் ஆகியவை போதும். நீரும் மின்சாரமும் இணைக்கப்பட்ட பிறகே முழுப் பரிசோதனை செய்ய முடியும். ஆகவே மீட்டருக்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை.

ஒப்பந்தத்தின் நான்காவது அட்டவணையையும் கையில் வைத்திருக்க வேண்டும். எத்தனை மின்முனை, குளியலறைச் சுவரில் டைல்ஸ் எவ்வளவு உயரம், எந்த வகைக் கதவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் அதுவும் குறைபாடுதான்.

ஒவ்வொரு குறைக்கும் டேப் ஒட்டி எண் இட்டு, தூரத்திலிருந்து ஒரு படம், அளவு நாடாவை அருகில் வைத்து ஒரு படம் என இரண்டு எடுக்க வேண்டும். தூரப் படம் எந்த இடம் என்பதையும், அருகுப் படம் குறை எவ்வளவு என்பதையும் காட்டும்.

எழுதுவது தொழில்வாரியாக

குத்தகையாளர் வேலையாள்களை அறைக்கு ஒருவராக அனுப்புவதில்லை. டைல்ஸ் பதிப்பவர் ஒரு நாள் வருவார், வயரிங் ஆள் மற்றொரு நாள் வருவார். அறைவாரிப் பட்டியலை வைத்து வேலை பார்க்கும் டைல்ஸ்காரர், ஆறு பக்கத்தைப் புரட்டித் தம் வேலையைத் தேட வேண்டும். அதில் இரண்டு மூன்று கட்டாயம் தவறிப்போகும். தொழில்வாரியாகப் பிரித்தால் அவரவர் பக்கத்தை அவரவரிடம் கொடுத்துவிடலாம்.

ஒரு சாதாரண வீட்டுக்கு ஐந்து பிரிவுகள் போதும்:

1. நீர்: குழாய், வடிகால், கழிவறைப் பொருத்துகள், குளியலறைத் தரையின் நீர்க்கசிவுத் தடுப்பு
2. மின்: டிபி பெட்டி, வயரிங், மின்முனை, விளக்கு முனை
3. டைல்ஸ்: தரையும் சுவரும்
4. கதவு, ஜன்னல்: மரவேலை, அலுமினியம், பூட்டு
5. பூச்சு, சாயம்: சிமெண்ட் பூச்சு, மேல்தளம், சாயம்

ஒரு குறையை எந்தப் பிரிவில் வைப்பது என்பதை அது தெரியும் இடத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. அதைச் சரிசெய்ய யார் வர வேண்டும் என்பதே கேள்வி. சுவரில் கறை தெரிந்தாலும் காரணம் நீர் என்றால் அது நீர்ப் பிரிவு. டைல்ஸ் மேல் தண்ணீர் தேங்குகிறது, ஆனால் வடிகால் அடைபடவில்லை என்றால் தரையின் சரிவு தவறு. அது டைல்ஸ் பிரிவு.

காரணம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதத் தேவையில்லை. பார்த்ததையும் செய்த சோதனையையும் எழுதி, 'காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும்' என்று முடிக்கலாம்.

முன்னுரிமை மூன்றே நிலை

எல்லாவற்றுக்கும் 'அவசரம்' என்று போட்டால் எதுவும் அவசரம் இல்லை என்றே மேற்பார்வையாளர் எடுத்துக்கொள்வார். மூன்று நிலைகள் போதும்.

நிலை 1: ஆள்களுக்கு ஆபத்து தருவது, தண்ணீர் கசிவது, அல்லது சரிசெய்யாமல் விட்டால் மற்ற வேலைகளைக் கெடுப்பது. டிபி பெட்டியில் ஆர்சிசிபி சோதனைப் பொத்தானை அழுத்தியும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அது நிலை 1. மழை பெய்யும்போது ஜன்னல் ஓரத்தில் நீர் இறங்கினாலும் நிலை 1.

நிலை 2: இருக்கிறது, ஆனால் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தரையில் உரசும் கதவு, பூட்ட முடியாத ஜன்னல், நாணயத்தால் தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும் டைல்ஸ் ஆகியவை இதில் வரும். வெற்று ஒலி என்றால் அடியில் சாந்து சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு கனமான அலமாரியை வைத்தால் அந்த டைல் விரிசல் விடலாம், பெயர்ந்தும் வரலாம்.

நிலை 3: தோற்றம் மட்டும். சாயத்தின் நிற வேறுபாடு, சிறு கீறல், டைல்ஸ் இடைச்சாந்தில் விடுபட்ட இடம்.

தோற்றக் குறைகளில் வாக்குவாதம் வருவது இயல்பு. அங்கே கைகொடுப்பது அளவு. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் குவாலசிக் தர மதிப்பீடு, 1.2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக்கூடாது என்றும், அடுத்தடுத்த இரு டைல்ஸ்களின் உயர வேறுபாடு 1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் பார்க்கிறது. ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, இடைவெளியை அளந்து, '1.2 மீட்டரில் 7 மில்லிமீட்டர்' என்று எழுதினால் அதை 'சுவர் கோணல்' என்பதைப் போல எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அந்த மதிப்பீட்டு அளவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நிபந்தனை அல்ல. அதைச் சட்டமாகக் காட்டாமல், நியாயமான அளவுகோலாகக் காட்டுவதே சரி.

ஒரு குறை, ஒரு வரி, ஓர் எண்

'குளியலறை சரியில்லை, தண்ணீர் நிற்கிறது, டைல்ஸ் உடைந்திருக்கிறது' என்று ஒரே வரியில் எழுதினால், உடைந்த டைலை மாற்றிவிட்டு அந்த வரியையே முடிந்ததாகக் காட்டிவிடலாம். ஒவ்வொரு குறைக்கும் தனி வரி வேண்டும். ஒருமுறை கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றவும் கூடாது. இரண்டாவது அறிக்கையிலும் நடுவர் மன்றத்திலும் அதே எண்தான் பேச வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் எண், இடம், கண்டது, சோதனையும் அளவும், பட எண், நிலை, எதற்குப் பின், முடித்த தேதியும் கையெழுத்தும் ஆகியவை இருக்கும். இதில் பலர் சேர்க்காமல் விடுவது 'எதற்குப் பின்' என்ற கட்டம். எந்த வேலை முடிந்த பிறகு இதைத் தொட வேண்டும் என்பதை அது சொல்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒன்பதாவது மாடியில் 850 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலை 400,000 வெள்ளி. மார்ச் 3-இல் ஒப்படைப்பு. பரிசோதனையில் 38 குறைகள் கிடைக்கின்றன: நீர் 5, மின் 4, டைல்ஸ் 8, கதவு ஜன்னல் 7, பூச்சு சாயம் 14. முன்னுரிமைப்படி பார்த்தால் நிலை 1-இல் 6, நிலை 2-இல் 13, நிலை 3-இல் 19. அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தக் கணக்கு மட்டும் இருக்கும். அடுத்த பக்கங்கள் தொழிலுக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் நிலை 1 மேலே வரும்.

பெரிய படுக்கையறையில், குளியலறையை ஒட்டிய சுவரின் அடியில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாயம் உப்பியிருக்கிறது. முதலில் எல்லாக் குழாய்களையும் மூடி, நீர் மீட்டரைப் பார்க்கிறார்கள். முள் அசையவில்லை. ஆகவே அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பில்லை. அடுத்து, குளியலறைத் தரையின் வடிகால் துளையை அடைத்து, வாசற்படி விளிம்பைத் தாண்டாத அளவுக்கு நீர் நிரப்பி, மட்டத்தில் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுகிறார்கள். கீழ்வீட்டுக்கும் கசியக்கூடும் என்பதால், நிர்வாக அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மறுநாள் நீர்மட்டம் கண்கூடாக இறங்கியிருக்கிறது, சுவரின் ஈரம் பரவியிருக்கிறது. இப்போது அறிக்கையில் இரண்டு வரிகள் வருகின்றன:

நீர்-02: பெரிய குளியலறைத் தரை. 24 மணி நேர நீர்த்தேக்கச் சோதனையில் மட்டம் 12 மில்லிமீட்டர் இறங்கியது, படுக்கையறைச் சுவரில் ஈரம் கூடியது. நீர்க்கசிவுத் தடுப்பைச் சரிசெய்து மீண்டும் சோதிக்க வேண்டும். படம் 7, 8. நிலை 1.

சாயம்-03: பெரிய படுக்கையறை, குளியலறைப் பக்கச் சுவர், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம் வரை சாயம் உப்பல், 40 சென்டிமீட்டர் நீளம். படம் 9, 10. நிலை 3. நீர்-02 முடிந்து சுவர் காய்ந்த பின்.

கடைசிச் சொற்கள்தான் சாயக்காரரைத் தடுத்து நிறுத்துகின்றன. ஈரச் சுவரில் பூசினால் சாயம் மீண்டும் உப்பும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் இல்லாததை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இதே வீட்டில் சிறிய குளியலறையின் மேல்தளத்தில் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது. அது மேல்வீட்டிலிருந்து வரக்கூடும். அதை நீர்-04 என்று எழுதி மேம்பாட்டாளருக்குக் கொடுப்பதோடு, கட்டட நிர்வாகத்துக்கும் தனிக் கடிதம் எழுத வேண்டும். 2015-ஆம் ஆண்டு அடுக்கக நிர்வாக விதிமுறைகளின்படி, மாடிகளுக்கு இடையிலான கசிவு பற்றி அறிவிப்பு கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும், காரணத்தைக் குறித்துச் சான்றிதழும் தர வேண்டும். மேல்வீட்டிலிருந்து வருகிறது என்பதே சட்டத்தின் தொடக்க அனுமானம். இல்லை என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். நடைபாதை, மின்தூக்கி, வெளிச்சுவர் போன்ற பொதுச்சொத்துக் குறைகளும் நிர்வாகத்துக்கே போக வேண்டும். அவற்றை வீட்டுப் பட்டியலில் கலக்கக்கூடாது.

30 நாளுக்குப் பின்

அறிக்கை மார்ச் 10-இல் சாப் பெறுகிறது. ஏப்ரல் 9-உடன் 30 நாள் முடிகிறது. மறுபரிசோதனையில் 27 வரிகள் முடிந்திருக்கின்றன, நீர்-02 உள்பட 11 நிற்கின்றன. முடிந்த வரிகளுக்கு மட்டும், வரிக்கு வரி, கையெழுத்திட வேண்டும். 'எல்லாம் முடிந்தது' என்ற ஒரே தாளில் கையெழுத்துக் கேட்டால், நிற்கும் எண்களை அதிலேயே எழுதிய பிறகு போடலாம். நீர்-02-ஐச் சோதனை செய்யாமல் முடிந்ததாக ஏற்கக்கூடாது. அதே 24 மணி நேரச் சோதனை மறுபடியும் நடக்க வேண்டும்.

மேம்பாட்டாளர் செய்யாவிட்டால், உரிமையாளர் வெளிக்குத்தகையாளரிடம் விலைப்புள்ளி வாங்கி, அந்தச் செலவை மேம்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்து, மேலும் 14 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் வேலை நடக்காவிட்டால் தாமே சரிசெய்து, அந்தத் தொகையைக் கோரலாம். அதற்கான பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டு விலையில் ஐந்து விழுக்காடு, இந்த வீட்டுக்கு 20,000 வெள்ளி, மேம்பாட்டாளரின் வழக்கறிஞரிடம் இருக்கும். பாதி ஒப்படைப்பிலிருந்து 8 மாதத்திலும், மீதி 24 மாதத்திலும் மேம்பாட்டாளருக்கு விடுவிக்கப்படும். ஆகவே இந்த வீட்டுக்கு நவம்பர் 3 ஒரு முக்கிய நாள். நிற்கும் வரிகளின் செலவை அதற்கு முன்பே அந்த வழக்கறிஞருக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

தொழில்வாரிப் பிரிவு இங்கேயும் பயன்படுகிறது. விலைப்புள்ளி தருபவர்களும் தொழிலுக்கு ஒருவர்தான். நீர்ப் பக்கத்தை அதற்கான ஆளிடமும் டைல்ஸ் பக்கத்தை டைல்ஸ்காரரிடமும் கொடுத்தால், எண்ணுக்கு எண் விலை கிடைக்கும். 'பொதுப் பழுதுபார்ப்பு, 9,000 வெள்ளி' என்ற மொத்த விலைப்புள்ளியை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும்.

அதற்கும் பலன் இல்லையென்றால் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். சாப் வைத்த அறிக்கை, எண்ணிட்ட படங்கள், 30 நாளுக்குப் பிந்திய மறுபரிசோதனை, விலைப்புள்ளி, 14 நாள் கடிதம் ஆகிய ஐந்தும் ஒரே எண்களோடு பொருந்தினால் வழக்கின் பெரும்பகுதி தாளிலேயே முடிந்துவிடும்.

புதுப்பிப்பு வேலைக்கு முன்

சாவி வாங்கிய வாரத்திலேயே சமையலறை அலமாரிக்கும் மேல்தள அலங்காரத்துக்கும் ஆள் வைப்பவர்கள் பலர். சுவரை உடைத்த பிறகு, டைல்ஸை மாற்றிய பிறகு, அந்த இடத்துக் குறை யாரால் வந்தது என்பதைப் பிரித்துக் காட்டுவது கடினம். மேம்பாட்டாளர் பொறுப்பேற்க மறுக்க அதுவே காரணமாகும். குறைந்தது நிலை 1 வரிகள் முடிந்து, குளியலறைச் சோதனை தேறிய பிறகே புதுப்பிப்பைத் தொடங்குவது நல்லது.

முதல் அறிக்கையோடு உரிமை முடிந்துவிடுவதில்லை. சில குறைகள் மழைக்காலத்தில்தான் தெரியும், சில விரிசல்கள் சிமெண்ட் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகுதான் வரும். 24 மாதத்துக்குள் புதிதாகக் கண்டவற்றுக்கு, விட்ட இடத்திலிருந்து எண் தொடர்ந்து, அடுத்த அறிக்கை கொடுக்கலாம். எட்டாவது மாதத்துக்கு முன் ஒருமுறையும், இருபத்து நான்காவது மாதத்துக்கு முன் ஒருமுறையும் வீட்டை வாசற்கதவிலிருந்து மறுபடி சுற்றிப் பார்க்க நாள்காட்டியில் இன்றே குறித்துவைக்கலாம்.